“ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துக்குங்க!”

குழந்தை சுவரைப் பிடித்த கையை விட்டுவிட்டு நாலு அடி எடுத்து வைத்ததும் வீட்டில் ஷூ பேச்சு தொடங்கிவிடும். கடைக்குப் போனால் அங்கே ஒரு யோசனை தயாராகக் காத்திருக்கும்: “வளர்ற குழந்தைதானே மேடம், ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துக்குங்க.” கூட வந்த பாட்டியும் ஆமாம் என்று தலையாட்டுவார். பட்டுப் பாவாடைக்கு இந்த யோசனை நல்ல யோசனை. உள்ளே மடித்துத் தைத்துவிட்டு, வருஷா வருஷம் பிரித்துக்கொள்ளலாம். ஷூவை அப்படி மடித்துத் தைக்க முடியாது. நடை பழகும் குழந்தைக்கு நீளம் கூடிய ஷூவைப் போட்டால் கால் இடறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் கெடுகிறது. ஷூ எந்த இடத்தில் மடிய வேண்டுமோ அந்த இடம் தள்ளிப்போய்விடுகிறது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

முதலில் ஷூ எப்போது தேவை என்பதைப் பேசிவிடலாம். வீட்டுக்குள் தேவையே இல்லை. குழந்தை தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8 மாதத்தைத் தாண்டியதிலிருந்து 17 மாதம் முடியும்வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த நாட்களில் பாதத்தின் அடித்தோல்தான் குழந்தைக்குத் தரையைப் பற்றிச் சேதி சொல்கிறது. சிமென்ட் தரை, டைல்ஸ், பாய், வாசல்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி விரல்களை ஊன்றியும் விரித்தும் அது தன் சமநிலையைக் கற்றுக்கொள்கிறது. எனவே வெறுங்கால் நடைதான் சரியான நடை. ஷூ என்பது வெயிலில் காய்ந்த தெருவுக்கும், கண்ணாடிச் சில்லும் முள்ளும் கிடக்கும் இடத்துக்கும், மழைக்காலச் சேற்றுக்கும் ஆன கவசம் மட்டும். நடையைக் கற்றுத்தரும் வேலை அதற்குக் கிடையாது. அதனால் முதல் ஷூவிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் ஒன்றுதான்: பாதத்தின் வேலையில் குறுக்கே வராமல் இருக்க வேண்டும்.

ஒரு வயதுக் குழந்தையின் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். குதிகால் சின்னதாக, குறுகலாக இருக்கும். அங்கிருந்து முன்னால் வர வர அகலம் கூடிக்கொண்டே போகும். நமக்கு விரல் மூட்டுப் பகுதிதான் அகலம். அதற்கு முன்னால் விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கும், பல வருஷம் ஷூவுக்குள் கிடந்த கால்கள் அல்லவா! குழந்தைக்கோ விரல்கள் விரிந்தே நிற்கும். நிற்க வைத்தால் இன்னும் விரியும். பாதத்தின் மேற்பக்கமும் நம்முடையதைப்போல் சரிவாக இருக்காது; கொழுத்து, உருண்டு மேடாக இருக்கும். அடியில் வளைவு கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் ஒரு கொழுப்பு மெத்தை உண்டு. தட்டையாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம், இந்த வயதில் அது இயல்பு. வளைவு பின்னால் சில ஆண்டுகளில் மெல்ல மெல்ல உருவாகும்.

இன்னொரு முக்கியமான சங்கதி உள்ளே இருக்கிறது. பெரியவர்களின் பாதத்தில் 26 எலும்புகள் உண்டு. நடை பழகும் வயதில் இவற்றில் பெரும்பகுதி முழு எலும்பாக மாறியிருக்காது, குருத்தெலும்பாகவே இருக்கும். வளைவின் உச்சியில் இருக்கும் ஒரு சிறு எலும்பு கெட்டிப்பட ஆரம்பிப்பதே பெரும்பாலும் இரண்டு மூன்று வயதில்தான். இதன் விளைவு என்னவென்றால், இறுக்கமான ஷூவுக்குள் திணித்தாலும் பாதம் அதற்கேற்ப நசுங்கி உள்ளே போய்விடும், குழந்தையும் அழாது. நமக்குக் கால் கடித்தால் ஷூவைக் கழற்றி எறிவோம். குழந்தை சிரித்துக்கொண்டே கடைக்குள் நடந்து காட்டும். “பாருங்க, ஜம்முன்னு நடக்குது” என்பார் விற்பனையாளர். அதை வைத்து அளவு சரி என்று முடிவு கட்டக் கூடாது.

அளவைக் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே எடுத்துவிடுவது நல்லது. சாயங்காலம் எடுங்கள், நாள் முழுவதும் ஆடி ஓடிய பாதம் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் பருத்திருக்கும். ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் சுவரோடு ஒட்டிப் போட்டு, குழந்தையின் குதிகால் சுவரைத் தொடும்படி அதன்மேல் நிற்க வைக்க வேண்டும். ஒருவர் முன்னால் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். மடியில் வைத்து எடுத்த அளவு பயன்படாது. எடை இறங்கும்போது பாதம் நீளத்திலும் அகலத்திலும் சில மில்லிமீட்டர் கூடும், நமக்கு வேண்டியது அந்த அளவுதான். விரல்களைச் சுருட்டிக்கொண்டால் முட்டிக்குக் கீழே மெல்லத் தடவினால் நீட்டிவிடும். இரண்டு காலையும் எடுங்கள். ஒன்று மற்றதைவிடச் சற்று நீளமாக இருப்பது சாதாரணம், பெரிய காலுக்குத்தான் ஷூ பார்க்க வேண்டும். நீளம் என்றால் சுவரிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை. எல்லாக் குழந்தைகளுக்கும் அது கட்டைவிரலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அகலம் என்றால் விரல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பக்கத்துக் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கோடு வரை.

என் தங்கை மகளுக்கு இப்படித்தான் எடுத்தோம். பதின்மூன்று மாதக் குழந்தை, நடக்கத் தொடங்கி மூன்று வாரம். இடது கால் 11.9 சென்டிமீட்டர், வலது 12.2. அகலம் இரண்டிலும் 5.4. நல்ல கொழுகொழு பாதம். இதில் கணக்குப் போட வேண்டியது நீளத்துக்கு மட்டும்தான். நடக்கும்போது பாதம் ஷூவுக்குள் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் நகரும். வளர்ச்சிக்கும் இடம் வேண்டும். இரண்டுக்குமாகச் சேர்த்து 10 முதல் 12 மில்லிமீட்டர் போதும். ஆக 12.2-உடன் 1 அல்லது 1.2 கூட்டினால், ஷூவின் உள்நீளம் 13.2-லிருந்து 13.4 வரை இருக்க வேண்டும். வெளியே அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பிப் பயனில்லை. உள்ளே இருக்கும் நீளத்தை அளக்க வேண்டும்.

கடையில் தங்கை முதலில் எடுத்தது இளஞ்சிவப்பு நிறத்தில் மின்னும் ஒரு ஷூ. எண் 4. நான் உள்ளே இருந்த மெத்தை அட்டையை, அதாவது இன்சோலை, உருவி எடுத்தேன். பல குழந்தை ஷூக்களில் இது கையோடு வந்துவிடும். வராத ஷூவுக்கு ஒரு வழி உண்டு: அளவெடுத்த தாளில் பாதத்தின் நீளத்தோடு 1.2 சென்டிமீட்டர் கூட்டி, ஒரு விரல் அகலத்துக்குக் கெட்டி அட்டையில் பட்டை வெட்டிக்கொண்டு போய், ஷூவுக்குள் நுழைத்துப் பார்க்கலாம். மடங்காமல், கிடந்து ஆடாமல் உட்கார்ந்தால் நீளம் சரி. எங்கள் ஷூவின் இன்சோல் 13.2 இருந்தது. நீளம் பொருந்திவிட்டது. அகலமான இடத்தில் அளந்தால் 4.9. குழந்தையை அந்த இன்சோலின் மேல் நிற்க வைத்ததும் சுண்டுவிரல் பக்கமும் கட்டைவிரல் பக்கமும் பாதம் வெளியே பிதுங்கி நின்றது. ஒரு மில்லிமீட்டர் பிதுங்கினால் மேல்துணி விட்டுக்கொடுக்கும், பரவாயில்லை. மொத்தமாக அரை சென்டிமீட்டர் என்றால் அந்தப் பாதம் நாள் முழுக்க நசுங்கித்தான் கிடக்க வேண்டும்.

விற்பனையாளர் உடனே எண் 5 எடுத்து வந்தார். “இதுல தாராளமா போகும்.” இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் எண்ணில் ஒரு சைஸ் கூடினால் நீளம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் கூடும். எண் 5-இன் இன்சோலை உருவி அளந்தால் நீளம் 14, அகலம் 5.1. பாதம் இன்னும் பிதுங்கியே நின்றது. முன்னாலோ 18 மில்லிமீட்டர் காலி இடம். அகலக் குறைக்கு நீளத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்த்தால் இரண்டும் கெட்டதுதான் மிச்சம்.

அந்த 18 மில்லிமீட்டர் என்ன செய்யும்? நடக்கும்போது நம் பாதம் மடிவது நடுவில் அல்ல. விரல்கள் தொடங்கும் மூட்டுகளில். குதிகாலிலிருந்து அளந்தால் பாதத்தின் நீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு தூரத்தில் அந்த இடம் வரும். ஷூ செய்பவர்களும் தாங்கள் எந்த நீளப் பாதத்துக்குச் செய்கிறார்களோ அதைக் கணக்கிட்டு அடிப்பகுதியை அங்கே மெல்லியதாகவோ, குறுக்கே கோடுகள் வெட்டியோ மடியும்படி அமைக்கிறார்கள். ஒரு சைஸ் பெரிய ஷூவில் அந்த மடிப்பு, குழந்தையின் மூட்டுக்கு அரை சென்டிமீட்டருக்கும் மேலே முன்னால், விரல்களுக்கு அடியில் போய்விடும். மூட்டு மடிய விரும்பும் இடத்தில் ஷூ விறைத்து நிற்கும், ஷூ மடியும் இடத்தில் மூட்டே இருக்காது. நமக்கு அரை சென்டிமீட்டர் ஒன்றுமில்லை. மொத்தப் பாதமே 12 சென்டிமீட்டர் உள்ள குழந்தைக்கு அது பெரிய தூரம். அது என்ன செய்யும் தெரியுமா? மடிப்பதையே விட்டுவிட்டுப் பாதத்தைப் பலகையைத் தூக்கி வைப்பதுபோல் மொத்தமாகத் தூக்கி வைக்கும். அல்லது கழன்றுபோகாமல் இருக்க விரல்களை உள்ளே கொக்கிபோல் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். வீட்டில் வெறுங்காலில் நன்றாக நடக்கும் குழந்தை, ஷூ போட்டதும் காலை அகட்டி, முட்டியை உயர்த்தி, தடதடவென்று நடந்தால் குறை ஷூவில்தான் இருக்கிறது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது எத்தனை அடி நடக்கின்றன என்று எண்ணி 2012-இல் வெளியிட்டார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடி. 17 முறை விழுகை. மணிக்கு! ஒவ்வோர் அடியிலும் ஷூவோடு ஒரு சின்னச் சண்டை போட வேண்டியிருந்தால் எவ்வளவு வரும் என்று பாருங்கள்.

ஷூ மடிகிறதா என்று பார்ப்பது எளிது. குதிகால் பக்கத்தை ஒரு கையில் பிடித்து, மறு கையின் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் முன்நுனியை மேல்நோக்கி அழுத்துங்கள். பெரிய பலம் கொடுக்காமலே மடிய வேண்டும். உங்கள் முழுக் கைபலமும் தேவைப்பட்டால் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையால் அதை மடிக்கவே முடியாது. எங்கே மடிகிறது என்பதையும் கவனியுங்கள். முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் மடிந்தால் நல்லது. சரியாக நடுவில் இரண்டாக மடிந்தால் அது வேறு வகைக் கோளாறு: குதிகால் தூக்கப்படும்போது பாதத்தின் நடுப்பகுதியில் துணை இருக்காது, அடிப்பகுதியும் அங்கே சீக்கிரம் விரிசல் விடும். பிறகு இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் லேசாக முறுக்குங்கள். கொஞ்சம் முறுகிக் கொடுக்க வேண்டும். சீரில்லாத தரையில் பாதம் இப்படித்தான் முறுகும். அடிப்பகுதியின் கனம் 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டு சோதனையிலும் தேறிவிடும். குதிகால் உயர்ந்திருக்கக் கூடாது. முன்னும் பின்னும் ஒரே மட்டம்.

பின்பக்கக் கிண்ணம் மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருக்கலாம். அதன் வேலை குதிகாலை நழுவாமல் பிடித்துக்கொள்வது. கணுக்காலைத் தாண்டி உயரமாகத் தைத்த பூட்ஸ் பலம் தரும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் உண்டு. பிறவியில் குறையில்லாத காலுக்கு அந்தப் பலம் தேவையில்லை. கழற்றி எறிவதில் கில்லாடியான குழந்தைக்கு அது கழலாமல் இருக்கும், அவ்வளவுதான் லாபம். வளைவு உருவாக வேண்டும் என்று உள்ளே மேடு வைத்த ஷூவும் இதே கதை. டாலஸ் நகரில் ஓர் அமெரிக்க எலும்பு மருத்துவக் குழு, தட்டைப் பாதம் உள்ள குழந்தைகளுக்குத் திருத்தும் ஷூவும் மேடும் போட்டு மூன்று ஆண்டு கண்காணித்து 1989-இல் முடிவைச் சொன்னது: போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

நடக்கும்போது ‘கீச் கீச்’ என்று சத்தமிடும் ஷூவைச் சொல்லாமல் விட முடியாது. பாட்டி தாத்தாக்களுக்கு அது பிடிக்கும், குழந்தை எந்த அறையில் இருக்கிறது என்று தெரியும். ஆனால் சத்தம் வர குதிகாலுக்கு அடியில் ஒரு காற்றுப் பை வேண்டும், அதற்குத் தடித்த அடிப்பகுதி வேண்டும். குதிகால் உயர்ந்து, ஷூவும் விறைத்துவிடும். சத்தம் கேட்பதற்காகவே குதிகாலை ஓங்கிக் குத்தி நடக்கும் குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் அரை மணி நேரம் போட்டு அழகு பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவதானால் என் பங்குக்கு ஆட்சேபம் இல்லை.

மறுபடி அகலத்துக்கு வருவோம். இன்சோல் சோதனையில் தேறினாலும் ஷூவைப் போட்ட பின்பு இன்னும் இரண்டு இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குழந்தை நிற்கும்போது அகலமான இடத்தில் மேல்துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் கிள்ளுங்கள். சின்ன மடிப்பாகக் கைக்குள் வந்தால் அகலம் சரி. முரசுத் தோல்போல் விம்மி நின்று கிள்ளவே வராவிட்டால் இறுக்கம். கைநிறைய வந்தால் பாதம் உள்ளே பக்கவாட்டில் சறுக்கும். அடுத்தது விரல்களின் மேற்பக்கம். நீளம் அகலம் இரண்டும் சரியாக இருந்தும், முன்பகுதி சரிவாக இறங்கினால் கொழுத்த விரல்களை மேலிருந்து அழுத்தும். வெளியிலிருந்து பார்க்கும்போது ஷூவின் முன்பக்கம் உருண்டு, உப்பி இருக்க வேண்டும். ஒன்று சொல்ல மறந்தேன்: நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி “விரல் இங்கே இருக்கு” என்று கடையில் காட்டுவார்களே, அதை நம்பாதீர்கள். அழுத்தியதும் குழந்தை விரலைச் சுருக்கிக்கொள்ளும், இல்லாத இடம் இருப்பதுபோல் தோன்றும்.

மூடும் பட்டை விஷயத்தில் வெல்க்ரோ ஒட்டும் ஷூதான் இந்த வயதுக்கு ஏற்றது. வாய் அகலமாகத் திறக்கும், மேடான பாதத்துக்கு ஏற்ப இறுக்கவும் தளர்த்தவும் முடியும். பட்டையின் நுனி ஒட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவே இல்லையென்றால் அந்த ஷூவின் உயரம் உங்கள் குழந்தைக்குப் போதாது என்று பொருள். இழுத்து ஒட்டக் கூடாது. காலை நுழைத்தால் போதும் என்ற மாதிரி ஷூக்களில் பாதத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, ஆகவே அந்த வேலையை விரல்கள் செய்யும். மறுபடி அந்தக் கொக்கிப் பிடி.

எங்கள் கதையைச் சொல்லி முடிக்கிறேன். கடையின் கீழ்த்தட்டில், யாரும் தொடாத மூலையில், நீல நிறத்தில் ஒரு கேன்வாஸ் ஷூ இருந்தது. மினுக்கு இல்லை, விளக்கு இல்லை, விலையும் பாதி. எண் அதே 4. இன்சோல் நீளம் 13.3, அகலம் 5.5. மூன்று விரலில் மடிந்தது. “நீலம் பையன் கலர் மாதிரி இருக்கேண்ணா” என்று தங்கை கொஞ்சம் இழுத்தாள். “பாதத்துக்கு என்னடி பையன் பொண்ணு?” என்றேன். குழந்தை அதைப் போட்டுக்கொண்டு முதல் அரை நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்று காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த ஷூவுக்கும் அப்படித்தான் நிற்கும். பிறகு நேரே பொம்மை அடுக்கியிருந்த பக்கம் போனது, வீட்டில் போவதுபோலவே. ஒரே எண் போட்ட இரண்டு ஷூவில் அகலம் ஆறு மில்லிமீட்டர் வேறுபட்டது என்பதைக் கவனியுங்கள்.

ஏன் இந்தக் குழப்பம்? பிரிட்டனில் குழந்தை ஷூக்களில் நீளத்துக்கு எண்ணும், அகலத்துக்கு எஃப், ஜி, எச் போன்ற எழுத்தும் சேர்ந்தே வரும். எழுத்து வளர வளர அகலம் கூடும். நாம் அந்த எண்ணை மட்டும் கடன் வாங்கி எழுத்தை விட்டுவிட்டோம். அதிலும் அந்த எண் வெள்ளைக்காரர் பாதத்துக்கு ஏற்பட்டது. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், டிசம்பர் 2021-க்கும் மார்ச் 2022-க்கும் இடையில் நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலமானது என்று அதில் தெரியவந்தது. நம்மவர்கள் பலர் அகலத்துக்காக நீளம் கூடிய ஷூவைப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள் என்பதும் அப்போது பேசப்பட்டது. அந்த அளவீட்டை வைத்து ‘பா’ என்ற இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டது. அதில் எட்டுப் பிரிவுகள். ஒன்றிலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ செய்து உலகத்துக்கே அனுப்புகிறோம். நம் குழந்தையின் அகலத்துக்கு ஒரு அச்சு வருவதற்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. கடை அட்டைகளில் அந்த முறை பரவும்வரை இன்சோலை உருவி அளப்பதுதான் நமக்கு வழி.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும் நாள் முழுக்கப் போட்டு வைக்க வேண்டாம். மணிப்பாலைச் சேர்ந்த எலும்பு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. செருப்போ ஷூவோ போட்டுப் பழகிய பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்கும், போடாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம் அது அதிகமாக இருந்தது. அவர்கள் பார்த்தது 4 முதல் 13 வயதுப் பிள்ளைகளை. ஷூதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் வீட்டுக்குள்ளும் ஷூ போட்டு வைத்தால் கால் அழகாக வளரும் என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம். நம் ஊர் வெக்கைக்கு மூடிய ஷூவுக்குள் சீக்கிரம் வியர்க்கும் என்பதும் உண்டு. வெளியே போய் வந்ததும் கழற்றி, சாக்ஸையும் உருவி, விரல் இடுக்கைத் துடைத்துவிடுங்கள். சாக்ஸும் பருத்தியில், விரல் நுனியில் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். சின்னதாகிப்போன சாக்ஸ், நல்ல ஷூவுக்குள்ளும் விரல்களைக் கட்டிப்போடும்.

கழற்றும்போது பாதத்தைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தையல் கோடு பதிந்து சில நிமிஷத்தில் மறைந்தால் பரவாயில்லை. சுண்டுவிரலின் வெளிப்பக்கத்திலோ, கட்டைவிரல் மூட்டிலோ, குதிகாலின் பின்புறமோ சிவந்து அரை மணி நேரம் கழித்தும் இருந்தால் அந்த இடத்தில் ஷூ கடிக்கிறது. விரல் நகத்தின் ஓரம் தோலுக்குள் அமுங்கியிருந்தால் நீளம் போதவில்லை. இன்சோலும் பேசும். சில வாரம் போட்டதும் விரல்களின் பள்ளம் அதில் தெரியும். அந்தப் பள்ளம் முன் ஓரத்தைத் தொட்டுவிட்டால் ஷூவின் காலம் முடிந்தது.

அது நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் முடியும். இந்த வயதில் பாதம் இரண்டிலிருந்து மூன்று மாதத்தில் அரை சைஸ் வளரக்கூடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை தாளை விரித்து அளந்தால் போதும். முன்னால் 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இடம் மிஞ்சியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். நான்கு மாதம்கூட உழைக்காத பொருளுக்கு விலையுயர்ந்த ஷூ எதற்கு என்று கேட்டால், எதற்கும் இல்லை என்பதே என் பதில். மலிவான ஷூவில் நல்ல அகலமும் நல்ல மடிப்பும் அமைவது உண்டு என்பதை அந்த நீல கேன்வாஸில் பார்த்தோமே. அக்கா பிள்ளை போட்ட ஷூவை வாங்கிப் போடலாமா என்றால், ஓரிரு முறை போட்டதாக இருந்தால் போடலாம். நன்றாக உழைத்த ஷூ வேண்டாம். இன்னொரு குழந்தையின் பாதம் அதில் பள்ளமாகப் பதிந்திருக்கும், அடிப்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும்.

ஷூவால் தீராதவற்றையும் சொல்லிவிட வேண்டும். 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை, ஒரு காலை மட்டும் இழுத்தோ நொண்டியோ நடக்கிறது, எப்போதும் நுனிக்காலிலேயே நிற்கிறது, வெறுங்காலிலும் நடக்க மறுத்து அழுகிறது என்றால் ஷூக்கடைக்குப் போகாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். மற்றபடி கால் கொஞ்சம் வளைந்திருப்பதும், அகட்டி நடப்பதும், பாதம் தட்டையாகத் தெரிவதும் இந்த வயதின் நடைதான்.

அடுத்த முறை ஷூ வாங்கப் போகும்போது ஓர் அடிக்கோலையும் பாதம் வரைந்த தாளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீளம் சரியாக இருந்து அகலம் இல்லையென்றால் அடுத்த சைஸ் கேட்காதீர்கள், அடுத்த மாடல் கேளுங்கள். அந்தக் கடையில் எதுவும் பொருந்தாவிட்டால் வெறுங்கையோடு திரும்புங்கள். பிறந்தநாள் ஷூ இல்லாமலும் நடக்கும்.